180 மில்லியன் ஸ்கேன் பதிவுகள்: எண்ணிப் பார்ப்பதா, மதிப்பிட்டுச் சொல்வதா?

பினாங்கின் பெருநிலப் பக்கம், பிறையில் இருக்கும் ஒரு பார்சல் நிறுவனத்தின் கிடங்கு மென்பொருளை நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். போன மாதம் ஒரு மாலை, ஷிஃப்ட் பொறுப்பாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, பட்டர்வொர்த் லிஸ்ட்டைத் தட்டினா சுத்திக்கிட்டே இருக்கு. மூணு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிட்டேன், வரவே மாட்டேங்குது."

நான் `pg_stat_activity`-யைத் திறந்து பார்த்தேன். ஒரே குவெரி நான்கு முறை ஓடிக்கொண்டிருந்தது. முதலாவது அவர் முதலில் தட்டியது, மற்ற மூன்றும் அந்த மூன்று ரிஃப்ரெஷ். வெப் சர்வர் 30 விநாடியில் பொறுமை இழந்து இணைப்பைக் கைவிட்டுவிட்டது. ஆனால் டேட்டாபேஸுக்கு அந்தச் செய்தி போகவில்லை, அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கிடங்கில் எல்லா ஸ்கேனர்களும் மந்தமாகிவிட்டன.

லிஸ்ட்டில் வர வேண்டிய 50 பதிவுகள் கண் சிமிட்டும் நேரத்தில் தயாராகிவிட்டன. இழுத்தடித்தது லிஸ்ட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் ஒரு வரி: "மொத்தம் 14,402,118 பதிவுகள், பக்கம் 1 / 288,043". அந்தக் கடைசிப் பக்கத்தை இதுவரை யாரும் திறந்ததில்லை. அந்த எண்ணைக் கணக்கிடத்தான் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஒரு வரியை என்ன செய்வது என்று முடிவெடுக்க, இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தோம். நாங்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதனால் விவரமெல்லாம் அதைப் பற்றியதே. கணக்குப் புரிவதற்காக எண்களை முழு எண்களாக்கித் தருகிறேன்.

எண்ணுவது ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது

டேபிளின் பெயர் `scan_events`. ஒரு பார்சலை ஒருமுறை ஸ்கேன் செய்தால் ஒரு பதிவு. 180 மில்லியன் பதிவுகள். போஸ்ட்கிரெஸ் வட்டில் 8 கேபி பக்கங்களாக எழுதுகிறது. எங்கள் டேபிளில் பக்கத்துக்கு ஏறக்குறைய 60 பதிவுகள், ஆக 3 மில்லியன் பக்கங்கள், அதாவது 24 ஜிபிக்கும் மேல். சர்வரின் நினைவகமோ 16 ஜிபி. எனவே ஒவ்வொரு முறையும் பெரும்பகுதியை வட்டிலிருந்துதான் படித்தாக வேண்டும். விநாடிக்கு 250 எம்பி வேகத்தில் படித்தாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்.

மொத்த எண்ணிக்கையை ஓர் ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைசாம் இன்ஜின் அப்படித்தான் குறித்து வைத்தது. போஸ்ட்கிரெஸால் அது முடியாததற்குக் காரணம் உண்டு. ஒருவர் 500 பதிவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் கமிட் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்போது எண்ணினால் அந்த 500-ம் சேர்ந்து வர வேண்டும். அதே நொடியில் நான் எண்ணினால் வரக்கூடாது. இரண்டு விடையும் சரி. டேபிளுக்கென்று எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணிக்கை கிடையாது, அவரவர் பார்வைக்கு ஓர் எண்ணிக்கைதான் உண்டு. அதனால் ஒவ்வொரு பதிவையும் எடுத்து "இது இவர் கண்ணுக்குத் தெரிய வேண்டியதா?" என்று கேட்டுத்தான் எண்ண முடியும். மைஎஸ்க்யூஎல்லின் இப்போதைய இன்ஜினான இன்னோடிபியும் இதே காரணத்துக்காக எண்ணியே சொல்கிறது.

`count(*)`-க்குப் பதில் `count(1)` போட்டால் வேகம் என்று ஒரு பேச்சு உண்டு. போஸ்ட்கிரெஸில் அதனால் ஒரு லாபமும் இல்லை.

முழுசாக எண்ணித்தான் தீர வேண்டும் என்றால்

டேபிளை விட்டுவிட்டு இண்டெக்ஸை மட்டும் படித்து எண்ண ஒரு வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 9.2 வெளிவந்த 2012-லிருந்தே இது உண்டு. எங்கள் `id` இண்டெக்ஸ் 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, நினைவகத்திலேயே அடங்கிவிடும். இதை வைத்து எண்ணியபோது 15 விநாடியில் முடிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து அதே குவெரி திரும்பவும் நிமிடக்கணக்கில் போனது. `EXPLAIN (ANALYZE)` போட்டுப் பார்த்தபோது `Heap Fetches` என்ற வரியில் 41 மில்லியன் நின்றது. ஒரு பதிவு யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற விவரம் இண்டெக்ஸில் இல்லை. "இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதிவுகளும் எல்லோருக்கும் தெரியும்" என்று பக்கத்துக்கு ஒரு குறி போட்டு டேட்டாபேஸ் தனியாக வைத்திருக்கிறது. குறி இருந்தால் இண்டெக்ஸோடு வேலை முடியும். இல்லையென்றால் டேபிள் பக்கத்தைத் திறந்தே ஆக வேண்டும். முந்தின இரவு பழைய பதிவுகளை ஆவணமாக்கும் ஒரு வேலை 40 மில்லியன் பதிவுகளை அப்டேட் செய்திருந்தது. கை பட்ட பக்கங்களிலெல்லாம் குறி அழிந்துவிட்டது. செல்லாத பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யும் VACUUM ஓடி முடித்த பிறகுதான் குறிகள் திரும்ப வந்தன.

ஆக, இண்டெக்ஸ் வழி நல்ல வழிதான், ஆனால் அதன் வேகம் VACUUM கையில் இருக்கிறது. இரவில் ஒருமுறை எண்ணிவைக்க ஏற்றது. மனிதர் காத்திருக்கும் திரைக்கு அதை நம்ப முடியாது.

அடுத்து ட்ரிக்கர் வைத்து எண்ணியைக் கூட்டும் வழி. பதிவு ஒன்று சேரும்போதெல்லாம் வேறொரு சின்ன டேபிளில் இருக்கும் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். கேட்பதற்கு அழகாக இருக்கும். எங்கள் சோதனைச் சர்வரில் இருபது ஸ்கேனர்களைப் போல ஒரே சமயத்தில் பதிவேற்றிப் பார்த்தோம். எல்லோரும் ஒரே பதிவைத் திருத்த வேண்டியிருந்ததால், ஒருவர் கமிட் செய்யும் வரை மற்ற பத்தொன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். கிடங்கில் ஸ்கேனர் "பீப்" என்று சொல்ல அரை விநாடி தாமதித்தால் கன்வேயர் பெல்ட்டே தடுமாறும். ஒரு லிஸ்ட்டின் அடிவரிக்காக அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

எண்ணாமல் மதிப்பிடுவது: மொத்த டேபிளுக்கு

குவெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிட போஸ்ட்கிரெஸ் தானே ஒரு மதிப்பீட்டை வைத்திருக்கிறது. `pg_class` டேபிளில் `reltuples` என்ற நெடுவரிசையில் அது இருக்கும். படிக்க ஒரு மில்லிவிநாடி ஆகும்.

ஆனால் அதை அப்படியே எடுத்துத் திரையில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த எண், டேபிளின் புள்ளிவிவரம் திரட்டும் ANALYZE அல்லது VACUUM அல்லது CREATE INDEX போன்ற ஒரு சில கட்டளைகள் ஓடும்போதுதான் புதுப்பிக்கப்படுகிறது. தானாக ANALYZE ஓட, டேபிளில் 10 விழுக்காடு மாறியிருக்க வேண்டும், அதுதான் இயல்பு அமைப்பு. எங்கள் டேபிளில் 10 விழுக்காடு என்றால் 18 மில்லியன். நாளுக்கு 0.4 மில்லியன் பதிவுகள் சேருகின்றன. கணக்குப் போட்டால் 45 நாளுக்கு ஒருமுறைதான் அந்த எண் அசையும். ஒரு மாதமாக மாறாத "மொத்தம்" ஒன்றைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சிஸ்டம் நின்றுவிட்டது என்றே நினைப்பார்கள்.

இதற்குத் தீர்வு போஸ்ட்கிரெஸின் பிளானர் செய்வதையே நாமும் செய்வது. பழைய எண்ணிக்கையைப் பழைய பக்கங்களால் வகுத்தால் பக்கத்துக்கு எத்தனை பதிவு என்று தெரியும். அதை டேபிளின் இப்போதைய பக்கங்களால் பெருக்க வேண்டும். இப்போதைய அளவு எப்போதும் கைவசம் உண்டு.

```sql
SELECT (reltuples / NULLIF(relpages, 0)
        * (pg_relation_size(oid)
           / current_setting('block_size')::int))::bigint
FROM pg_class
WHERE oid = 'scan_events'::regclass;
```

நாங்கள் பார்த்த அன்று `reltuples` 171 மில்லியன், `relpages` 2.85 மில்லியன், ஆக பக்கத்துக்கு 60. இப்போதைய பக்கங்கள் 3 மில்லியன். பெருக்கினால் 180 மில்லியன். அன்றிரவு முழுதாக எண்ணிப் பார்த்ததில் வித்தியாசம் ஒரு விழுக்காடுகூட இல்லை. பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும் டேபிளுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது.

பதிவுகளை அழிக்கும்போது இது ஏமாற்றிவிடும். 60 மில்லியன் பழைய பதிவுகளை DELETE செய்தாலும் கோப்பு உடனே சுருங்காது. பக்கங்கள் அப்படியே இருக்கும், மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக. பக்கத்துக்கு 60 என்ற பழைய அடர்த்தியே கணக்கில் நிற்பதால் மதிப்பீடு 180 மில்லியன் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் அழிக்கும் வேலையின் கடைசி வரியாக `ANALYZE scan_events;` சேர்த்துவிட்டோம். இது முழு டேபிளையும் படிக்காது. இயல்பு அமைப்பில் 30,000 பதிவுகளை மட்டும் மாதிரியாக எடுத்துப் பார்க்கும். எங்களுக்குச் சில விநாடிகளே ஆகின்றன. டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்திருப்பவர்கள் தாய் டேபிளின் எண்ணை நம்பாமல், பார்ட்டிஷன்களின் எண்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். தாய் டேபிளுக்குத் தானியங்கி ANALYZE ஓடுவதில்லை.

ஃபில்டர் போட்டால்

அண்ணன் பார்த்தது மொத்த டேபிளை அல்ல, பட்டர்வொர்த் லிஸ்ட்டை. அங்கே `reltuples` உதவாது. `EXPLAIN (FORMAT JSON)` கொடுத்தால் குவெரியை ஓட்டாமலே எத்தனை பதிவு வரும் என்று பிளானர் சொல்லும். `Plan Rows` என்ற இடத்தில் அது இருக்கும். கொடுக்கும் குவெரி `SELECT 1 FROM ...` என்று இருக்க வேண்டும். `count(*)` போட்டுக் கொடுத்தால் விடை ஒரே ஒரு பதிவுதானே, மேல்வரியில் 1 என்றுதான் வரும்.

முதல் நாளே இது எங்களைக் கவிழ்த்தது. 14.4 மில்லியன் இருக்க வேண்டிய இடத்தில் "சுமார் 1.7 மில்லியன்" என்று காட்டியது. எட்டு மடங்கு குறைவு. எங்கள் தேடல் படிவத்தில் முதலில் மாநிலம், பிறகு மையம் என்று இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டுமே குவெரிக்குள் போகின்றன. பினாங்கு மாநிலத்தின் பங்கு 12 விழுக்காடு, பட்டர்வொர்த் மையத்தின் பங்கு 8 விழுக்காடு. பிளானர் இரண்டையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று நினைத்துப் பெருக்கிவிட்டது: 0.96 விழுக்காடு, அதாவது 1.73 மில்லியன். பட்டர்வொர்த் பினாங்கில்தான் இருக்கிறது, மையம் தெரிந்தால் மாநிலம் தானாகத் தெரிந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். டேட்டாபேஸுக்கு அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

```sql
CREATE STATISTICS scan_hub_state (dependencies, mcv)
  ON hub, state FROM scan_events;
ANALYZE scan_events;
```

இதற்குப் பிறகு மதிப்பீடு 14 மில்லியனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

எவ்வளவு பக்கத்தில் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். 30,000 மாதிரியில் பட்டர்வொர்த்துக்கு 2,400 பதிவுகள் விழும். இப்படி மாதிரி எடுத்துச் சொல்லும் எண்ணில் பிழை, விழுந்த பதிவுகளின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக இருக்கும். 2,400-க்கு அது சுமார் 2 விழுக்காடு. லிஸ்ட்டின் அடிவரிக்கு அது தாராளம். டேபிளில் 180,000 பதிவுகள் மட்டும் உள்ள ஒரு சின்ன மையத்துக்கு மாதிரியில் 30 பதிவுகள்தான் விழும், பிழை 18 விழுக்காடு ஆகிவிடும். "தொலைந்தது" என்று குறிக்கப்பட்ட பார்சல்களின் பதிவுகள் மொத்தமே 900. மாதிரியில் அவற்றில் ஒன்றுகூட அகப்படாமல் போவதே இயல்பு. அங்கே பிளானர் சொல்லும் எண்ணுக்கு எந்த அடிப்படையும் இல்லை. எங்கள் வேலையிலேயே ஆள் கவனித்துப் பார்க்கும் எண் அந்த 900 தான். வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று கேட்கும் பார்சல்கள் அவை.

இதிலிருந்துதான் எனக்குத் தெளிவு வந்தது. தோராயம் பெரிய எண்ணுக்கு நன்றாக வேலை செய்கிறது, சின்ன எண்ணில் சறுக்குகிறது. துல்லியமாக எண்ணுவது அதற்கு நேர் எதிர். பெரிய எண்ணுக்கு நிமிடக்கணக்கில் ஆகிறது, சின்ன எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தால் மில்லிவிநாடியில் முடிகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. எந்த எண் பெரியது, எது சின்னது என்று முதலில் கண்டுபிடித்தால் போதும்.

1001 வரை எண்ணுவது

```sql
SELECT count(*) FROM (
  SELECT 1 FROM scan_events
  WHERE state = 'PNG' AND hub = 'BTW'
  LIMIT 1001
) t;
```

1001 பதிவு கிடைத்ததும் டேட்டாபேஸ் நிறுத்திவிடும். விடை 1000 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது துல்லியமான எண்ணிக்கை, அப்படியே காட்டுகிறோம். 1001 வந்தால் பெரிய எண் என்று தெரிந்துவிடும், பிளானரின் மதிப்பீட்டை எடுத்து "சுமார் 14 மில்லியன்" என்று காட்டுகிறோம். "சுமார்" என்ற சொல்லை விடக்கூடாது, எண்ணையும் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கிவிட வேண்டும். மதிப்பீட்டை 14,387,652 என்று காட்டினால் படிப்பவர் அதை எண்ணிய எண் என்று நம்பி, எங்காவது எழுதி வைத்துக்கொள்வார். அப்புறம் ரிஃப்ரெஷ் செய்ததும் குறைந்துவிட்டதே என்று கேட்பார். நியாயமான கேள்வி அது.

இந்த வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. தேடும் பதிவுகள் அபூர்வமாகவும் இண்டெக்ஸ் இல்லாமலும் இருந்தால், 1001 கிடைக்காமல் டேபிளின் கடைசி வரை தேடிக்கொண்டே போகும். இன்றைய தேதிக்கு ஃபில்டர் போடுவதிலும் இதே ஆபத்து. இன்றைய பதிவுகள் டேபிளின் வால்பகுதியில் இருக்கும், இண்டெக்ஸ் இல்லையென்றால் தலையிலிருந்து தேடும். தொலைந்தவற்றுக்கு `WHERE status = 'LOST'` என்று அந்தப் பதிவுகளுக்கு மட்டும் ஒரு பகுதி இண்டெக்ஸ் போட்டோம். 900 பதிவுக்கு அது மிகச் சிறியது. ஸ்கேன் நேரத்துக்கு ஏற்கெனவே இண்டெக்ஸ் இருந்தது. இவற்றுக்கு மேல் ஒரு காப்பாக, லிஸ்ட் திரைக்கான இணைப்பில் `statement_timeout` 2 விநாடி வைத்தோம். அதைத் தாண்டினால் எண் காட்டாமல் "அடுத்த பக்கம்" பொத்தான் மட்டும் வரும். எத்தனை ரிஃப்ரெஷ் தட்டினாலும் பழைய குவெரிகள் இனி குவியாது.

பணம் வந்தால் பேச்சு வேறு

டெலிவரி ஓட்டுநர்களுக்கு நாங்கள் ஒப்படைப்பு ஸ்கேன் ஒன்றுக்கு இத்தனை சென் என்று மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறோம். இங்கே 2 விழுக்காடு பிழை என்பது ஒரு குடும்பத்தின் வாரச் சமையல் செலவு. மதிப்பீடு இந்தப் பக்கம் எட்டியே பார்க்கக்கூடாது.

அதற்காக 180 மில்லியனையும் எண்ண வேண்டியதில்லை. நாள்வாரியாக, ஓட்டுநர்வாரியாக எண்ணி ஒரு சுருக்க டேபிளில் எழுதி வைக்கிறோம். ஒரு நாளுக்கு 0.4 மில்லியன் பதிவுகள், நேர இண்டெக்ஸ் வழியாக எண்ண ஒரு விநாடியே ஆகிறது. மாதக் கணக்கு என்பது அந்தச் சின்ன டேபிளில் 30 நாள்களைக் கூட்டுவதுதான்.

இதில் இரண்டு இடத்தில் அடி வாங்கினோம். லங்காவிக்குப் படகில் போகும் பார்சல்களை ஓட்டுநர்கள் சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்கேன் செய்கிறார்கள். கையடக்கக் கருவி அதை வைத்திருந்து மறுநாள் அனுப்புகிறது. ஸ்கேன் நேரம் நேற்று, டேட்டாபேஸுக்கு வந்தது இன்று. நள்ளிரவில் நேற்றைய கணக்கை மூடிவிட்டால் அந்தப் பதிவுகள் எந்த நாளிலும் சேராது. ஓர் ஓட்டுநர் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு 37 ஸ்கேன் விடுபட்டிருந்தது. இப்போது ஒவ்வொரு இரவும் கடைசி 7 நாள்களையும் புதிதாக எண்ணி மேலெழுதுகிறோம். 7 நாளுக்குப் பிறகு வரும் பதிவு ஒரு தனிப் பட்டியலுக்குப் போய், ஆள் பார்த்துச் சேர்க்கிறார்.

இரண்டாவது, நாளின் எல்லை. சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது. நேரத்தை நேரடியாகத் தேதியாக மாற்றினால் அதன் நாள் நமக்குக் காலை 8 மணிக்குத்தான் தொடங்குகிறது. முதல் தேதி காலை 7 மணிக்குக் கொடுத்த பார்சல் போன மாதத்தில் விழுந்துவிடும். `scanned_at AT TIME ZONE 'Asia/Kuala_Lumpur'` என்று மாற்றிய பிறகே தேதியை எடுக்க வேண்டும்.

மாதக் கணக்கை மூடும் முன், அந்த ஒரு மாதத்தை மட்டும் மூல டேபிளிலிருந்து நேராக எண்ணிச் சுருக்க டேபிளோடு ஒப்பிடுகிறோம். 12 மில்லியன் பதிவுகள், இரவு 2 மணிக்கு ஓடுகிறது, யாரும் காத்திருப்பதில்லை. ஓர் ஓட்டுநரின் எண் ஒன்று குறைந்தாலும் அந்த மாதம் மூடாது.

அண்ணனின் பட்டர்வொர்த் லிஸ்ட் இப்போது "சுமார் 14 மில்லியன்" என்ற அடிவரியோடு ஒரு விநாடிக்குள் வருகிறது. பக்க எண்களை எடுத்துவிட்டு "முன்", "பின்" மட்டும் வைத்திருக்கிறோம். மாற்றிய மறுநாள் அவரிடம் கேட்டேன், துல்லியமான எண் வேண்டுமா அண்ணே என்று. "எனக்கு எதுக்குத் தம்பி அது? நேத்து வந்ததுல எது இன்னும் வெளிய போகல, அதைச் சொல்லு" என்றார். நேற்றைய தேதி, "வெளியேறவில்லை" என்ற நிலை இரண்டையும் ஃபில்டரில் போட்டுக் காட்டினேன். 212 என்று வந்தது. 1001-க்குக் கீழே என்பதால் முன்னால் "சுமார்" இல்லை.